“அங்கை” எண்டா எங்கை? சுட்டுச் சொற்கள் பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். பின்னேரங்களில் ஊர் ஊராகப் போய் முதியவர்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்து, அதை எழுத்தில் இறக்குகிறேன். இரண்டு வேலையிலும் ஒரே விதமான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

சுட்டு எண்டா அ, இ, உ மூண்டும்தானே சேர்? அதில படிக்க என்ன இருக்கு?

அந்த மூன்று எழுத்தும் வாசற்படிதான். “அ இ உ அம் மூன்றும் சுட்டு” என்று தொல்காப்பியத்தின் நூன்மரபு சொல்கிறது. அந்தப் படியில் ஏறி உள்ளே போனால், யார் சொன்னது, எங்கே நின்று சொன்னது, எப்போது சொன்னது என்று தெரியாமல் பொருள் முடியாத சொற்கள் எல்லாம் அங்கே நிற்கும். நான், நீ, இஞ்சை, அங்கை, இப்ப, நேற்று, நாளைக்கு, வா, போ, தா, குடு எல்லாம் அந்தக் கூட்டம்தான்.

மேய்ச்சலுக்கு விட்ட மாட்டை முளையடித்துக் கட்டுவோம் அல்லவா? கயிறு எவ்வளவு நீளம் என்று தெரிந்தால் மட்டும் மாடு எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. முளை எங்கே அடித்திருக்கிறது என்றும் தெரிய வேண்டும். “நாளைக்கு” என்ற சொல்லின் கயிறு ஒரு நாள் நீளம். முளை, சொல்லுகிறவர் பேசும் நாள். “குளம்”, “பாலை மரம்”, “புதன்கிழமை” போன்ற சொற்களுக்கு இந்த முளை தேவையில்லை. ஜெர்மன் மொழியில் எழுதிய உளவியலாளர் கார்ல் பியூலர் 1934இல் இந்த முளைக்கு ‘நான், இங்கே, இப்போது’ என்று மூன்று முகம் கொடுத்தார். கீழே வரும் பதில்களில் நான் முளை என்றே எழுதப்போகிறேன்.

நான் எண்டது என்ர பேர் மாதிரித்தானே? அதை ஏன் சுட்டு எண்டுறியள்?

பேர் உங்களோடு ஒட்டி இருக்கும். நீங்கள் இல்லாத இடத்திலும் உங்கள் பேரைச் சொன்னால் அது உங்களைத்தான் குறிக்கும். “நான்” வாய்க்கு வாய் மாறும். ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் “நான் செய்யேல்லை” என்று சொன்னால், அது ஒரே வசனம், ஆனால் முப்பது வேறு வேறு செய்திகள்.

சின்னப் பிள்ளைகளைக் கவனித்தால் இது விளங்கும். அம்மா எந்நேரமும் “நீ சாப்பிட்டியா, நீ வா” என்று கூப்பிடுவதால், சில பிள்ளைகள் கொஞ்சக் காலத்துக்கு “நீ” என்பதைத் தங்கள் பேராகவே எடுத்துக்கொள்கிறார்கள். முளை ஆளுக்கு ஆள் மாறும் என்பதைப் பிடித்த பிறகுதான் “நான்” சரியாக வரும்.

தமிழ்நாட்டுச் சிநேகிதர் ஒருவர் நான் ‘உது’ எண்டா சிரிக்கிறார். அது பிழையான தமிழோ?

பிழை இல்லை. தொல்காப்பியம் சொன்ன மூன்றில் ஒன்று அது. தமிழ்நாட்டுப் பேச்சில் அது வழக்கொழிந்து, அ, இ இரண்டும் மட்டும் நிற்கின்றன. ஈழத்துப் பேச்சில் உது, உவன், உவள், உவர், உந்த, உங்கை, உப்பிடி, உங்காலை என்று ஒரு குடும்பமே உயிரோடு இருக்கிறது. எழுத்துத் தமிழ் படித்த எல்லோருக்கும் பழைய உகரச் சுட்டின் தடம் ஓரிடத்திலாவது தெரிந்திருக்கும். “ஊழையும் உப்பக்கம் காண்பர்” என்ற குறளில் வரும் உப்பக்கம் முதுகுப்பக்கம், அதாவது விதியையே புறங்காட்டி ஓடச் செய்வார்கள் என்பது பொருள்.

வகுப்பில் பிள்ளைகள் கட்டுரை எழுதும்போது “உந்த” என்று வந்தால், பரீட்சைக்காக நான் திருத்துவது உண்டு. ஆனால் அது கொச்சை என்று சொல்லித் திருத்துவதில்லை. எழுத்து வழக்கில் அதற்கு இப்போது இடம் இல்லை என்றுதான் சொல்கிறேன். இரண்டும் ஒன்றல்ல.

சரி, இது, உது, அது எல்லாம் தூரம்தானே? எத்தனை அடிக்கு மேல ‘உது’?

இந்தக் கேள்வி வந்த நாளில் வகுப்பை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு மண்வெட்டி எடுத்தோம். என் கையில் இருக்கும்போது நான் சொல்வது “இது”. அதை எனக்கு எதிரே நிற்கும் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நான் கேட்பது “உதை இஞ்சை கொண்டா”. கிணற்றுக் கட்டில் சாத்தி வைத்துவிட்டு இரண்டு பேரும் விலகி வந்த பிறகு அது “அது”. இப்போது பிள்ளை பேசட்டும். மண்வெட்டி அவன் கையில் இருந்தால் அவனுக்கு “இது”, என் கையில் இருந்தால் “உது”. மண்வெட்டி அசையாமல் கிடக்க, பேசுகிறவர் மாறினாலே சொல் மாறுகிறது. எத்தனை அடி என்று யாரும் அளக்கவில்லை. யார் பக்கம் என்றுதான் பார்த்தோம்.

தூரம் இல்லை என்பதற்கு இன்னும் தெளிவான சாட்சி ரெலிபோன். ரொறன்ரோவில் இருக்கும் மகனிடம் அம்மா கேட்பது “உங்கை குளிரோ?” என்றுதான். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்தாலும் அது கேட்கிறவரின் இடம், ஆகவே உங்கை. அழைப்பை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லும்போது அதே ரொறன்ரோ “அங்கை நல்ல குளிராம்” என்று மாறிவிடும். இடம் ஒன்றுதான். கேட்கிறவர் மாறிவிட்டார்.

ஆனால் உகரத்துக்கு இரண்டாவது வேலையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. “உதில கடைக்குப் போட்டு வாறன்”, “உந்தா போறான்” என்று சொல்லும்போது அந்தக் கடை கேட்கிறவரின் பக்கம் இருக்க வேண்டியதில்லை. கிட்டத்தில், கூப்பிடு தூரத்தில், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்தால் போதும். இங்கே உகரம் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் நடுவில் நிற்கிறது. எந்த வேலை நடக்கிறது என்று அறிய ஒரு வழி இருக்கிறது. கேட்கிறவரை மற்றப் பக்கத்துக்கு நகர்த்திப் பாருங்கள். சொல் மாறினால் அது முதலாவது வேலை. மாறாவிட்டால் இரண்டாவது.

வவுனியாவில சிங்களப் பெடியங்களோட படிச்சனான். அவையின்ர மொழியில உது இருக்கோ?

இருக்கிறது, எங்களைவிட ஒன்று கூடவும் இருக்கிறது. சொல்லுகிறவர் பக்கம் ‘மே’, கேட்கிறவர் பக்கம் ‘ஒய’, இரண்டு பேருக்கும் தள்ளிக் கண்ணுக்குத் தெரிவது ‘அர’, கண்ணில் இல்லாமல் ஏற்கெனவே பேச்சில் வந்தது ‘ஏ’. எங்கள் “அது” அந்தக் கடைசி இரண்டு வேலையையும் ஒன்றாகவே செய்கிறது. அதனால் சிங்களம் பழகும் தமிழ்ப் பிள்ளைக்கு ‘ஒய’ சுகமாக வரும், ‘அர’வுக்கும் ‘ஏ’க்கும் இடையில்தான் தடுமாற்றம் வரும். தமிழ்நாட்டில் இருந்து வந்து படிப்பவருக்கு ‘ஒய’வும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

சண்டை பிடிக்கேக்க மட்டும் ‘உவன்’, ‘உந்தக் கதை’ எண்டு வாறது ஏன்?

சண்டையில் மட்டும் இல்லை, சண்டையில் காதில் விழுகிறது. மண்வெட்டிக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன சொல் உங்கள் கையில் இருக்கும் பொருள். ஆகவே அதை நான் குறிக்கும்போது “உதை விடு”, “உப்பிடிச் சொல்லாதை”, “உது என்ன கதை?” என்று வருகிறது. நான் இனிமேல் சொல்லப்போவது “இதைக் கேள்”. நாங்கள் இரண்டு பேரும் முன்பு எப்போதோ பேசியது “அந்தக் கதை”. இடத்தைக் காட்டிய சொற்களே பேச்சுக்குள்ளும் இடம் காட்டுகின்றன.

கோபம் எங்கே இருந்து வருகிறது என்றால், “உது” என்று சொல்லும்போது அந்தப் பொருளை நான் உங்கள் பக்கம் தள்ளிவிடுகிறேன், என் பக்கம் இல்லை என்று காட்டுகிறேன். ஆளைச் சொல்லும்போது அது இன்னும் உறைக்கும். “உவனோட திரியாதை” என்று தகப்பன் சொன்னால், அந்தப் பெடியன் உன் ஆள், எங்கள் ஆள் இல்லை என்ற தொனி வரும். ஆனாலும் “உவர் ஆர்?” என்று மரியாதையாக விசாரிப்பதும் இதே சொல்தான். பக்கத்தை மட்டும்தான் சொல் தரும். வெறுப்பு குரலில் இருக்கிறது.

‘ஆனையிறவுக்கு அங்கால’ எண்டா வன்னியோ யாழ்ப்பாணமோ?

வன்னியில் நின்று சொன்னால் யாழ்ப்பாணம், யாழ்ப்பாணத்தில் நின்று சொன்னால் வன்னி. ஆனையிறவு அசையாது, முளை அசையும். ரெலிபோனில் கேட்டு எழுதும் செய்தியில் இந்தச் சொல் வந்தால், சொன்னவர் எங்கே நின்றார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கட வாசல்ல நிண்டு பார்த்தா இரணைமடு இடதுகரை எனக்கு வலப்பக்கம். பிறகு எப்பிடி அது இடது?

இந்த இடதுக்கு முளை நீங்கள் இல்லை, தண்ணீர். ஆற்றுக்கும் குளத்து வாய்க்காலுக்கும் கரை சொல்லும்போது, தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்து நின்றதாக எடுத்துக்கொள்வார்கள். இரணைமடுக் குளத்துக்காக மறித்த கனகராயன் ஆறு வடக்கே ஓடுகிறது. இரணைமடு அணைக்கட்டில் குளத்துக்கு முதுகு காட்டி, வயல்களைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் மேற்கு. அந்தப் பக்கம் போவது இடதுகரை வாய்க்கால், கிழக்குப் பக்கம் போவது வலதுகரை வாய்க்கால்.

அணைக்கட்டுக்குப் போகிறவர்கள் அநேகமாகத் தண்ணீரைப் பார்த்துத்தான் நிற்பார்கள். அப்போது எல்லாம் மாறித் தெரியும். இதில் ஒரு நல்ல காரியம் இருக்கிறது. நீர்ப்பாசன அலுவலர் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும், கமக்காரர் எந்தக் கரையில் குடியிருந்தாலும், “இடதுகரைக்குத் திறந்தாச்சு” என்றால் எல்லோருக்கும் ஒரே வாய்க்கால்தான். பேசுகிறவரிடம் இருந்து முளையைப் பிடுங்கி, எல்லோருக்கும் பொதுவான ஒன்றில் அடித்துவிட்டார்கள்.

கூட்டத்தில ‘நாங்கள் வாய்க்கால் துப்பரவு செய்ய வேணும்’ எண்டார் தலைவர். நாங்கள் எண்டா என்னையும் சேர்த்தோ?

எழுத்துத் தமிழில் இதற்கு விடை உண்டு. கேட்கிறவரையும் சேர்த்தால் நாம், விட்டால் நாங்கள். எங்கள் பேச்சில் “நாம்” அநேகமாக வராது. மேடையிலும் எழுத்திலும்தான் கேட்கும். பேசும்போது இரண்டுக்கும் “நாங்கள்”, இரண்டுக்கும் “எங்கட”. ஆகவே தலைவர் சொன்னது நிர்வாகக் குழு மட்டுமா, வந்திருந்த எல்லோருமா என்பது அந்த வசனத்துக்குள் இல்லை.

கமக்காரர் அமைப்பின் கூட்டக் குறிப்பை எழுதுகிறவருக்கு நான் சொல்வது: குறிப்பில் “நாங்கள்” என்று எழுத வேண்டாம். “அங்கத்தவர் எல்லோரும்” அல்லது “நிர்வாகக் குழு” என்று எழுதுங்கள். எதுவென்று தெரியாவிட்டால் கூட்டம் கலைய முதல் கேளுங்கள். சிரமதான நாளில் ஆள் வராத பிறகு கேட்டுப் பயன் இல்லை.

‘உனக்குத் தாறன்’, ‘அவனுக்குக் குடுக்கிறன்’. ரெண்டும் ஒரே வேலைதானே, ஏன் ரெண்டு சொல்?

தா, குடு இரண்டும் சுட்டுச் சொற்கள் என்று நினைத்தால் விடை கிடைத்துவிடும். பொருள் போய்ச் சேரும் ஆள் நானாகவோ நீயாகவோ இருந்தால் தா. வேறு ஆளாக இருந்தால் குடு. “அவன் எனக்குத் தந்தவன்”, “அவன் உனக்குத் தந்தவனோ?”, “அவன் தங்கச்சிக்குக் குடுத்தவன்”. கடைசியில் “தந்தவன்” போட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறும். துணைச் சொல்லாக வரும்போதும் அப்படித்தான். உனக்குக் கணக்குச் சொல்லித்தாறன், தம்பிக்குச் சொல்லிக்குடுக்கிறன்.

தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் இதைத் துல்லியமாகச் சொல்லியிருக்கிறது. செல், வா, தா, கொடு என்ற நான்கையும் சேர்த்து எடுத்து, தருசொல்லும் வருசொல்லும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, மற்ற இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்று பிரிக்கிறது. படிக்கும்போது பழைய இலக்கணம் என்று தோன்றும். எங்கள் வீட்டு அடுப்படியில் இன்றைக்கும் அதே விதிதான் நடக்கிறது.

அப்ப வீட்டை விட்டுப் போகேக்க ‘வாறன்’ எண்டுறம். அது அந்த விதிக்கு எதிர் இல்லையோ?

எதிர் இல்லை. “போட்டு வாறன்” என்பதில் முன்பாதி குறைந்து “சரி, வாறன்” என்று நின்றுவிட்டது. போனவர் திரும்பி வரும் இடம் கேட்கிறவரின் இடம், ஆகவே வா. “நான் பின்னேரம் உங்கட வீட்டை வாறன்” என்பதிலும் அதே கணக்கு.

வவுனியாவுக்குப் போகும் பயணத்தை வைத்துப் பாருங்கள். நீங்கள் கிளிநொச்சியிலேயே நிற்பீர்கள் என்றால் “நான் வவுனியாவுக்குப் போறன்”. நீங்களும் போகிறீர்கள் என்றால் “நானும் வாறன்”. போகிற ஊர் ஒன்றுதான். நீங்கள் அங்கே இருக்கப்போகிறீர்களா என்பதுதான் சொல்லை மாற்றுகிறது.

வொய்ஸ் மெசேஜில ‘நாளைக்குப் பொங்கல்’ எண்டா சித்தி. எனக்கு ஏன் நாள் பிழைச்சது?

இது கனடாவில் இருக்கும் ஒரு தம்பி கேட்டது. நாள், நேரம் எல்லாவற்றையும் கேட்டு எழுதி வைத்தேன். வற்றாப்பளை அம்மன் பொங்கல் வைகாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை வரும். சித்தி ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்கு முல்லைத்தீவில் இருந்து பேசியிருக்கிறா. கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பிந்தி இருக்கும். ஆகவே அங்கே சனிக்கிழமை இரவு 10.30. தம்பி படுக்கப்போகும் முன் கேட்டிருக்கிறார். சித்தியின் “நாளைக்கு” திங்கள். தம்பி தன் சனிக்கிழமையில் முளையடித்து எண்ணியதால் அவருக்கு ஞாயிறு. ஞாயிறு முழுக்க அழைப்பை எதிர்பார்த்திருந்து, மனம் நொந்து போனார்.

கவனியுங்கள், அவர் அந்த மெசேஜை ஞாயிறு காலை எழும்பிக் கேட்டிருந்தால் திங்கள் என்று சரியாகவே விளங்கியிருக்கும். அது விளக்கத்தால் வந்த சரி இல்லை, தற்செயல். பேசும் நேரமும் கேட்கும் நேரமும் ஒன்றாக இருக்கும் முகத்துக்கு முகம் பேச்சில் இந்தச் சிக்கலே எழாது. கடிதம், அறிவித்தல், ஒலிச்செய்தி மூன்றிலும் இரண்டு முளை இருக்கிறது. கோயில் மதிலில் “நாளை காலை கூட்டம்” என்று ஒட்டிவிட்டுத் திகதி போடாமல் போனால், அந்தத் தாள் கிழியும் மட்டும் ஒவ்வொரு நாளும் நாளைக்குக் கூட்டம்தான். கிழமையின் பேரைச் சொன்னால் போதும்: “திங்கள் பொங்கல்”.

‘வாற வெள்ளி’யும் ‘அடுத்த வெள்ளி’யும் ஒண்டோ?

சொல்லுகிற நாளைப் பொறுத்தது. வெள்ளி தூரத்தில் இருந்தால் பலர் இரண்டையும் ஒன்றாகவே எடுப்பார்கள். புதன், வியாழனில் சொன்னால்தான் கலக்கம். “வாற வெள்ளி” எங்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருக்கும் முதல் வெள்ளி. “அடுத்த வெள்ளி” அதற்கு அடுத்தது என்று சிலருக்கு, அதுவேதான் என்று வேறு சிலருக்கு. நான் எப்போதும் திகதியைக் கேட்டுவிடுவேன். “நாளையிண்டைக்கு” என்பதில் இந்தச் சிக்கல் இல்லை, அது நாளைக்கு மறுநாள்தான். ஆனால் அதற்கும் முளை இன்றைக்கு, ஆகவே மேலே சொன்ன ஒலிச்செய்திக் கணக்கு அதற்கும் பொருந்தும்.

ஆச்சியின்ர பேச்சைப் பதிஞ்சன். வீட்டை வந்து கேட்டா ‘அங்கை, உங்கை’ எண்டு மட்டும் இருக்கு, ஒண்டும் விளங்கேல்லை. என்ன பிழை விட்டனான்?

நீங்கள் குரலைப் பதிந்தீர்கள், கையைப் பதியவில்லை. இதே பிழையை நானும் முதல் வருடம் முழுக்க விட்டேன். என் பதிவில் இருந்து ஒரு துண்டைக் காட்டுகிறேன். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு குளத்தின் கீழ் வயல் செய்த ஆச்சி, விறாந்தையில் இருந்து சொன்னது: “எங்கட காணி உந்தப் பாலையில இருந்து அந்த வாய்க்கால் மட்டும். பிறகு நாங்கள் அங்கை போயிட்டம். இஞ்சை வரேக்க பாலை இல்லை.”

மூன்று வசனம், இடம் காட்டும் நான்கு சுட்டு. “உந்தப் பாலை” என்றபோது ஆச்சி என் முதுகுக்குப் பின்னால் கை காட்டினா. திரும்பிப் பார்த்தால் அங்கே மரமே இல்லை, வெறும் நிலம். 2009க்கு முன் அங்கே நின்ற பாலையை, இப்போதும் நிற்பது போல என் பக்கத்துப் பொருளாக “உந்த” என்று சுட்டியிருக்கிறா. பியூலர் இதைத் தனியாகப் பிரித்து வைத்தார். கண்முன் இருப்பதைச் சுட்டுவது ஒன்று, பேச்சில் முன்பு வந்ததைச் சுட்டுவது ஒன்று, நினைவில் இருப்பதைக் கண்முன் வைத்துச் சுட்டுவது மூன்றாவது. ஆச்சியின் பாலை அந்த மூன்றாவது. “அந்த வாய்க்கால்” உண்மையில் தூரத்தில் இருந்தது, எழும்பி நின்றால் தெரியும், ஆகவே முதலாவது வகை. “அங்கை” எங்கே என்று பதிவில் இல்லை. கேட்ட பிறகுதான் செட்டிகுளத்து முகாம் என்று தெரிந்தது. “இஞ்சை” எது? இருந்து பேசிய விறாந்தையா, காணியா, ஊரா? “பாலை இல்லை” என்று தொடர்வதால் காணி என்று எடுத்தேன். மறுமுறை போய்க் கேட்டபோது ஆச்சி ஊரைத்தான் சொன்னதாகச் சொன்னா.

அதற்குப் பிறகு நான் செய்வது இதுதான். பேச்சு தொடங்க முதல், ஆச்சி எந்தத் திசை பார்த்து இருக்கிறா, நான் எங்கே இருக்கிறேன், வாசல் எந்தப் பக்கம் என்று கொப்பியில் ஒரு படம் கீறுவேன். கை எழும்பும்போதெல்லாம், பேச்சைக் குழப்பாத அளவுக்கு நானே சத்தமாகச் சொல்லுவேன்: “கிணத்துக்குக் கிழக்கையோ ஆச்சி?” ஆச்சி “ஓம்” என்றால் அது பதிவில் விழுந்துவிடும். எழுதும்போது கைச்சாடையை வளைவுக் குறிக்குள் போடுவேன். சுட்டுச் சொல்லை நான் மாற்றுவதில்லை. “உந்தப் பாலை” என்பதை “முன்பு இருந்த பாலை” என்று எழுதினால் விளக்கம் கிடைக்கும், ஆனால் மரம் ஆச்சிக்கு இன்னும் அங்கேதான் நிற்கிறது என்ற செய்தி போய்விடும்.

அப்ப காணி உறுதியில ‘இந்த’, ‘அந்த’ எண்டு ஏன் எழுதுறேல்லை?

எழுதினவர், கையெழுத்து வைத்தவர் எல்லோரும் போன பிறகும் உறுதி பேச வேண்டும். ஆகவே வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நான்கெல்லை சொல்லி, ஒவ்வொரு பக்கமும் யாருடைய காணி, என்ன ஒழுங்கை என்று எழுதுவார்கள். இரணைமடுக் கரை போலத்தான், முளை பேசுகிறவரிடம் இல்லை. ஆனால் எல்லையாக ஒரு மரத்தையோ ஒரு ஆளின் பேரையோ எழுதியிருந்தால், மரம் போய் ஆளும் மாறிய பிறகு அந்த முளையும் ஆட்டம் காணும். மீள்குடியேறிய பலர் இதை நேரில் கண்டவர்கள்.

‘தான் வருவன் எண்டு சொன்னவன்’. ‘நான் வருவன் எண்டு சொன்னவன்’. இதில வாறது ஆர்?

இந்தப் பக்கத்திலேயே கஷ்டமான கேள்வி இது. முதலாவதில் குழப்பம் இல்லை. “தான்” சொன்னவனையே பிடிக்கிறது, வரப்போவது சொன்னவன். ஆனால் வினையைப் பாருங்கள், “வருவான்” இல்லை, “வருவன்”, தன்மை வினை. அதாவது ஆளை நான் வெளியே நின்று “தான்” என்று குறித்திருக்கிறேன், வினையை மட்டும் அவன் வாயில் இருந்தபடியே விட்டிருக்கிறேன். ஒரே வசனத்தில் இரண்டு முளை.

இரண்டாவதில் இரண்டு பொருள் உண்டு. “நான்” அவன் வாயில் இருந்து வந்தது என்றால், வருவது அவன். நான் என் வாயால் சொல்லும் “நான்” என்றால், நான் வருவேன் என்று அவன் வேறு யாரிடமோ சொல்லியிருக்கிறான். பேச்சில் அநேகமாக முதல் பொருள்தான். குரலில் “நான்” அழுத்தப்பட்டால் இரண்டாவதாக மாறலாம். இதோடு “நாளைக்கு” சேர்ந்துவிட்டால் இன்னும் இறுகும். “நாளைக்கு வருவன் எண்டு சொன்னவன்” என்பதில் நாளை, அவன் சொன்ன நாளில் இருந்தா, நான் இதைச் சொல்லும் நாளில் இருந்தா? இரண்டும் முடியும். வாக்குமூலம் எழுதுகிறவர் நிறுத்திக் கேட்க வேண்டிய இடம் இது. அவன் எப்போது சொன்னான், அவன் வாயில் வந்த சொல் எது, அது எந்தத் திகதி என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

நீங்களே இதில ‘எங்கட’, ‘இஞ்சை’ எண்டு எழுதுறியள். நான் மட்டக்களப்பில இருந்து வாசிக்கிறன். அது ஆரை, எங்கையைச் சொல்லுது?

சரியான கேள்வி, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் எழுதுவது கிளிநொச்சியில் இருந்து. “எங்கள் பேச்சு” என்று எழுதிய இடத்தில் எல்லாம் வன்னியில் நான் கேட்டுப் பழகிய பேச்சைத்தான் சொல்கிறேன், ஈழத்துத் தமிழ் முழுவதையும் இல்லை. “நாங்கள்” என்பதற்கு நான் சொன்னது உங்கள் ஊரில் அப்படியே இருக்கும் என்று எடுக்க வேண்டாம். அங்கே “நாம” இன்னும் பேச்சில் கேட்கிறது. உங்கை வேறு மாதிரி வழங்கும் சுட்டுகள் இருந்தால், யார் பேசினார், யாரிடம் பேசினார், பொருள் யார் பக்கம் இருந்தது என்ற மூன்றையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.